யார் இனி யாரிடம்: இரண்டு ஆலைகளின் பொறுப்பு மாற்றத்தை அறிவித்த அனுபவம்

அம்பத்தூரில் ஓர் ஆலையும் ஒரகடத்தில் இன்னோர் ஆலையும் கொண்ட வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் நான் மனிதவளப் பொறுப்பில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒவ்வோர் ஆலையிலும் தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு ஆகிய துறைகள் அந்தந்த ஆலை மேலாளரின் கீழ் இருந்தன. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் இரண்டு ஆலைகளின் தரத் துறையும் ஒரே தலைவரின் கீழும், பராமரிப்புத் துறைகள் இன்னொரு தலைவரின் கீழும் வருவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. முடிவுக்கு ஒருவர் போதும். அதை நானூறு பேருக்கும் மேல் உள்ள இடத்தில் குழப்பம் இல்லாமல் சொல்வதற்குத்தான் மார்ச் மாதம் முழுவதும் தேவைப்பட்டது.

முதலில் காரணத்தை எழுதிக்கொண்டோம். நிர்வாகத் தரப்பிலிருந்து வந்த முதல் வரைவில் ஒருங்கிணைப்பு, செயல்திறன், எதிர்கால வளர்ச்சி போன்ற சொற்களே நிறைந்திருந்தன. இத்தகைய சொற்களைப் படிக்கும் தொழிலாளி அவற்றுக்கு ஆள் குறைப்பு என்றே பொருள் கொள்வார். உண்மையான காரணமோ எளிமையானது, சொல்லக்கூடியதும்கூட. வாகனத் துறைக்கான தர நெறியான ஐ.ஏ.டி.எஃப். 16949, பொருளின் தரத்துக்குப் பொறுப்பானவருக்கு உற்பத்தியையும் அனுப்புதலையும் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது. எங்களிடம் அந்த அதிகாரம் தாளில் இருந்தது. ஆனால் நிறுத்த வேண்டியவரின் ஆண்டு மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர், மாத இலக்கை எட்ட வேண்டிய ஆலை மேலாளராக இருந்தார். தணிக்கைக்கு வந்த வாடிக்கையாளர் இதைக் குறித்துச் சென்றார். "சரக்கை நிறுத்துபவரின் மதிப்பீட்டை, சரக்கை அனுப்ப வேண்டியவர் எழுதக் கூடாது" என்ற ஒரே வாக்கியத்தை அறிவிப்பின் முதல் பத்தியாக வைத்தோம். பராமரிப்புக்கு வேறு காரணம்: ஒரே வகை இயந்திரத்துக்கான உதிரிகளை இரண்டு ஆலைகளும் தனித்தனியே வாங்கி அடுக்கி வைத்திருந்தன.

அடுத்து நாளைத் தேர்ந்தெடுத்தோம். தீபாவளிக்கு முன்பான போனஸ் பேச்சுவார்த்தைக் காலத்தில் எதை அறிவித்தாலும் அது போனஸோடு முடிச்சுப் போடப்படும் என்பதால் அதைத் தவிர்த்து ஏப்ரலுக்குத் தள்ளிவைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை அறிவிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெள்ளி மாலை சொன்னால் கேள்வியோடு வீட்டுக்குப் போகிறவர் திங்கள் வரை பதில் சொல்ல ஆளில்லாமல் தாமே ஒரு பதிலை உண்டாக்கிக்கொள்வார். ஆகவே மார்ச் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு மூன்று வேலை நாட்கள் நாங்கள் எல்லோரும் கண்ணில் படும்படி இருப்போம்.

சட்டப் பக்கத்தையும் பார்த்தோம். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது மட்டும் மாறினால் அது தனி. ஆனால் ஷிஃப்ட், வேலை நேரம், ஒரு துறையின் ஆள் எண்ணிக்கை போன்றவை தொழிலாளர்களுக்கு மாறினால் முன்னறிவிப்பு தர வேண்டியிருக்கும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 9ஏ பிரிவில் 21 நாள் அறிவிப்பு கேட்டது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் 40ஆம் பிரிவில் அதே 21 நாளை வைத்திருக்கிறது. எங்கள் மாற்றத்தில் தொழிலாளர் எவருக்கும் ஷிஃப்டோ இடமோ மாறவில்லை என்பதை வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே "மாறாதவை" என்ற பகுதியை எழுதினோம். சம்பளம், ஷிஃப்ட், வேலை செய்யும் ஆலை, கம்பெனிப் பேருந்துத் தடம், சேர்ந்திருக்கும் விடுப்பு ஆகியவை அதில் பெயர் சொல்லி இடம்பெற்றன. பேருந்துத் தடமெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அம்பத்தூரிலிருந்து ஒரகடம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பராமரிப்புப் பணியாளர் ஒவ்வொருவரும் மனத்துக்குள் முதலில் போட்டுப் பார்க்கும் கணக்கு அதுதான்.

அறிவிப்போடு ஒரு பட்டியலையும் இணைத்தோம். வழக்கமான பெட்டிகளும் கோடுகளும் கொண்ட அமைப்புப் படத்தைக் காட்டி முடித்துவிட்டால், மேலே இருப்பவர்களுக்குப் புரியும்; கீழே இருப்பவர் தம் பெயரைத் தேடிவிட்டு அது இல்லாததையே செய்தியாக எடுத்துக்கொள்வார். எனவே இரண்டு துறைகளிலும் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதினோம்: விடுப்புக்கு யார் கையெழுத்து, ஓவர்டைமுக்கு யார் கையெழுத்து, அன்றாட வேலையை யார் பிரித்துக் கொடுப்பார், ஆண்டு மதிப்பீட்டை யார் எழுதுவார். இதை நிரப்பும்போதுதான் நிர்வாகமே முடிவு செய்யாத இடங்கள் வெளிப்பட்டன. ஒரகடத்தில் இரவு ஷிஃப்டில் இருக்கும் ஆய்வாளருக்குத் திடீரென்று விடுப்பு தேவைப்பட்டால் அம்பத்தூரில் இருக்கும் தரத் தலைவரை எழுப்ப முடியாது. அங்குள்ள ஷிஃப்ட் பொறுப்பாளர் அனுமதிக்கலாம், ஆனால் நிறுத்திவைத்த சரக்கை விடுவிக்கும் கையெழுத்து அவருடையது அல்ல என்று வரையறுத்தோம். இருவருக்கும் கட்டுப்பட்டவர் என்று பொதுவாக எழுதிவிட்டிருந்தால், முதல் சண்டையிலேயே அறிவிப்பின் மதிப்பு போயிருக்கும்.

மதிப்பீட்டில் இன்னொரு சிக்கல். மார்ச் 31 அன்று முடியும் ஆண்டுக்கான மதிப்பீட்டை ஏப்ரலில் எழுதுவது வழக்கம். ஏப்ரலில் மேலதிகாரி வேறொருவர். ஓராண்டு உழைப்பை அறியாதவர் மதிப்பெண் போடுவார் என்ற அச்சம் எழும் என்பதால், பழைய மேலாளரே மார்ச் 31க்குள் எழுதிக் கையெழுத்திடுவார் என்று தேதியோடு சேர்த்தோம்.

மிகக் கடினமான பகுதி ஒரகடத்தின் தர மேலாளரிடம் பேசுவதாக இருந்தது. அம்பத்தூர் தர மேலாளரும் அவரும் அதுவரை சம நிலையில் இருந்தவர்கள். இனி அந்த அம்மையார் தலைவர், இவர் அவருக்குக் கீழ். முந்தைய நாள் மாலை நிர்வாக இயக்குநரே நேரில் ஒரகடம் சென்று அவரிடம் சொன்னார், நான் உடனிருந்தேன். முதல் இரண்டு நிமிடத்துக்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நலம் விசாரித்து, அவர் உழைப்பைப் புகழ்ந்து, சுற்றிவளைத்துச் சொன்னால், கேட்பவர் அந்தப் புகழ்ச்சியையே பின்னால் கசப்போடு நினைத்துக்கொள்வார்.

"ஏன் சார் நான் இல்லை?" என்றுதான் அவர் கேட்டார். நிர்வாக இயக்குநர், வாடிக்கையாளர் புகார்களை நேரடியாகக் கையாண்ட அனுபவம் அந்த அம்மையாருக்குக் கூடுதல் என்று காரணத்தைச் சொன்னார். "நிலை ஒன்றுதான், பெயரளவில்தான் மாற்றம்" என்று சமாதானம் சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை. அவருடைய சம்பளப் படிநிலை மாறாது, ஒரகடத்தில் சரக்கை நிறுத்தும் அதிகாரம் அவரிடமே இருக்கும், புதிய ஆள் எடுப்பதும் கருவி வாங்குவதும் இனித் தலைவர் வழியாகப் போகும் என்று கிடைப்பதையும் இழப்பதையும் சேர்த்தே சொன்னார். மறுநாள் கூட்டத்தில் அவர் எதுவும் பேச வேண்டியதில்லை என்றும் சொன்னோம். மனம் ஆறாதவரை மேடையேற்றி வரவேற்புரை சொல்லவைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. பார்க்கிற ஊழியர்களுக்கும் அது தெரிந்துவிடும்.

அவரிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: தம் ஆட்களுக்கு வாய்மொழியாகக் கொடுத்த வாக்குகள் எவை என்று எழுதித் தருமாறு கேட்டோம். ஓர் ஆய்வாளருக்கு, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் ஜூன் முதல் பொது ஷிஃப்ட் தருவதாகச் சொல்லியிருந்தார். இன்னொருவருக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக வாக்கு. இவை எந்தக் கோப்பிலும் இல்லை. மேலதிகாரி மாறும்போது முதலில் காணாமல் போவது இத்தகைய வாக்குகள்தான். புதிய தலைவர் அந்தத் தாளில் கையெழுத்திட்ட பிறகு, உரியவர்களுக்கு அதை நேரில் சொன்னோம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குத் துறைத் தலைவர்களுக்கும், பத்து மணிக்குத் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கும் அதே தாளைக் கொடுத்தோம். ஒன்றரை மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிவதற்குள் ஒரு கூட்டம். இரண்டேகாலுக்கு இரண்டாம் ஷிஃப்டுக்கு இன்னொன்று. இரவு ஷிஃப்ட்காரர்கள் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், எழுந்ததும் வாட்ஸ்அப்பில் யாரோ எழுதியதைப் படிப்பார்கள். அதனால் இரண்டேகாலுக்கே அறிவிப்பின் தமிழ் வடிவம் அனைவரின் கைபேசிக்கும் போனது. விடுப்பில் இருந்தவர்களை மேற்பார்வையாளர்கள் அழைத்துப் பேசினார்கள். இரவு பத்து மணிக் கூட்டத்துக்கு நிர்வாக இயக்குநர் வந்தது, மறுநாள் பேருந்தில் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வருகைப் பதிவு மென்பொருளில் மேலதிகாரி பெயரை மார்ச் 31 இரவுக்கு முன் மாற்றக் கூடாது என்று கணினிப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்திருந்தோம். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், அறிவிப்புக்கு முதல் நாள் விடுப்பு விண்ணப்பித்த ஒருவருக்குத் திரையில் புதிய மேலாளரின் பெயர் வந்து, மதியத்துக்குள் ஊரெல்லாம் பரவியது.

எதிர்பார்த்த கேள்வி கூட்டத்திலேயே வந்தது: "இதனால் யாருக்காவது வேலை போகுமா?" இதற்கு மூன்று பகுதியாகப் பதில் தயாராக இருந்தது. இந்த மாற்றத்தால் எவரும் வேலையிழக்க மாட்டார்கள். ஒரகடத்தில் ஓய்வுபெறவிருக்கும் ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரின் இடம் நிரப்பப்படாது. சந்தை நிலைமை மாறினால் என்ன ஆகும் என்று இன்று உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது பகுதியைச் சொல்ல வேண்டாம் என்று நிர்வாகத்தில் சிலர் கருதினார்கள். ஜூலையில் அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதை ஊழியர்கள் தாமே கண்டுபிடித்தால், முதல் பகுதியையும் நம்பமாட்டார்கள் என்று நான் வாதிட்டேன்.

ஆனாலும் வதந்தி வந்தது. பராமரிப்புத் தலைவர் ஒரகடத்தில் அமர்வார் என்ற ஒரே தகவலிலிருந்து, அம்பத்தூர் ஆலையை மூடி நிலத்தை அடுக்குமாடிக் கட்டுமானத்துக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் ஆலை இருந்த இடங்களில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அது அதீதக் கற்பனை அல்ல. வெறும் மறுப்பு போதாது என்று தெரிந்தது. மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில், தலைவர் வாரத்தில் எந்த இரண்டு நாட்கள் அம்பத்தூரில் இருப்பார், அங்கு அவர் அமரும் அறை எது, ஏற்கெனவே வாங்க ஆணையிட்டிருந்த புதிய அழுத்த இயந்திரம் அம்பத்தூரில் எந்தப் பகுதியில் நிறுவப்படும் என்பதை எழுதி ஒட்டினோம். கேள்வி கேட்டவர் பெயரில்லாமல், கேள்வியும் பதிலுமாக இருந்தது. அந்தப் பேச்சு அடங்கியதற்கு இயந்திரத்துக்கான அடித்தளம் தோண்டத் தொடங்கியதும் காரணமாக இருக்கலாம்.

எங்களிடம் விடை இல்லாத ஒரு கேள்வியும் பலகையில் இருந்தது: அவசரப் பழுதுக்காக ஓர் ஆலையின் பணியாளர் மற்றோர் ஆலைக்குப் போனால் பயண நேரம் ஓவர்டைமில் சேருமா? "முடிவாகவில்லை, ஏப்ரல் 10க்குள் சொல்லப்படும்" என்று எழுதியிருந்தோம். சங்கத்தோடு பேசி, சேரும் என்ற முடிவை ஏப்ரல் 9 அன்று அதே தாளின் கீழே எழுதி ஒட்டினோம்.