சேவல் ஸ்டிக்கருக்கு வெட்டுக்கோடு எடுத்த விதம்

பின்னணி நீக்கிய சேவல் படம், பி.என்.ஜி கோப்பு. 75 மி.மீ. உயரத்தில் ஸ்டிக்கராக வேண்டும், சுற்றிலும் 2 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டு வெட்ட வேண்டும். கொண்டை, வால் இறகுகள், இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி என்று கத்திக்குத் தொல்லை தரும் எல்லாமே இந்த ஒரு படத்தில் இருந்தன. கிம்ப், இங்க்ஸ்கேப் என்ற இரண்டு மென்பொருள்களை வைத்தே முடித்தோம்.

வண்ணப் படத்தை அப்படியே டிரேஸ் செய்து வெட்டுக்கோடாக மாற்றக் கூடாது. நாங்கள் பயன்படுத்திய டிரேஸ் முறை பார்ப்பது படத்தின் வெளிச்சத்தை மட்டுமே. கழுத்திலுள்ள வெளிர் மஞ்சள் இறகுகளைப் பின்னணி என்று எடுத்துக்கொண்டு அங்கே கோடு உள்ளே புகுந்துவிடும். அதனால் முதலில் கிம்ப்பில் முழுக் கருப்பு நிழலுருவம் தயாரித்தோம். `Alpha to Selection` கொடுத்தால் சேவலின் உருவம் மட்டும் தேர்வாகும். புது லேயரில் அதைக் கருப்பால் நிரப்பி, அடியில் வெள்ளை லேயர் வைத்தால் போதும்.

75 மி.மீ. உயரம் 300 டிபிஐயில் 886 பிக்சல்தான். அந்த அளவில் டிரேஸ் செய்தால் பிக்சல்களின் படிக்கட்டு கோட்டிலும் தெரியும். 1772 பிக்சலுக்குப் பெரிதாக்கி, காஸியன் பிளர் 3 கொடுத்தோம். பார்க்க மங்கலாக இருந்தாலும், கருப்பும் வெள்ளையும் சரிபாதியாகும் இடத்தில் டிரேஸ் கோடு போடுவதால் படிக்கட்டு மறைந்துவிடுகிறது. பிளரைக் கூட்டிவிடாதீர்கள், கொண்டையின் முனைகள் மழுங்கிப்போகும்.

இங்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap` திறந்து, `Brightness cutoff` முறையில் அளவை 0.5 என்று வைத்தோம். `Edge detection` பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஓரத்தின் இரு பக்கமும் கோடு போடும், கத்தி ஒரே ஸ்டிக்கரை இரண்டு முறை சுற்றும். `Speckles` 50 வைத்தால் பின்னணி நீக்கும்போது விடுபட்ட தூசுப்புள்ளிகள் போய்விடும். அவை தங்கினால் கத்தி காகிதத்தில் ஆங்காங்கே குத்திவிட்டுப் போகும்.

அதிக நேரம் தின்றது ஓரம்தான். நேரடியாக 2 மி.மீ. வெளியே தள்ளினால் வால் இறகுகளுக்கு நடுவே ஊசி போன்ற பள்ளங்கள் அப்படியே நிற்கும். அந்தக் கூர்முனையில் கத்தி சட்டென்று திரும்பும்போது வினைல் கிழியும், பிறகு ஸ்டிக்கர் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். எனவே 5 மி.மீ. வெளியே தள்ளி, 3 மி.மீ. உள்ளே இழுத்தோம். கணக்கு அதே 2 மி.மீ.தான். ஆனால் 10 மி.மீ.க்குக் குறைவான இடுக்குகள் முதல் படியிலேயே மூடிக்கொள்கின்றன. மிஞ்சிய பள்ளங்களும் குறைந்தது 3 மி.மீ. ஆரத்தில் வளைகின்றன.

செய்யும் முறை இது. உருவத்துக்கு 10 மி.மீ. ஸ்ட்ரோக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரோக்கில் பாதிதான் வெளியே நிற்கும் என்பதால் 5 அல்ல, 10. `Join` வட்டமாக இருக்கட்டும், இல்லையென்றால் அலகு ஈட்டி போல நீளும். `Stroke to Path`, பிறகு குழுவைப் பிரித்து `Union`. உள்ளே ஓட்டை ஏதும் மிஞ்சியிருந்தால் `Break Apart` கொடுத்து அதை மட்டும் அழிக்கலாம். அடுத்து 6 மி.மீ. ஸ்ட்ரோக் கொடுத்து மறுபடியும் `Stroke to Path`. இந்த முறை குழுவைப் பிரித்து `Difference`. ஸ்ட்ரோக்கின் உள்பாதி 3 மி.மீ.யைத் தின்றுவிடும்.

இப்போது கணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைக் குறைக்க ஒரு முறை மட்டும் Ctrl+L அழுத்தினோம். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சிதைக்கும். கணு மிகுந்த கோட்டில் வெட்டும் இயந்திரம் வளைவுகளில் தயங்கித் தயங்கிப் போகும், அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மிஞ்சியவற்றை கணுக் கருவியால் கையாலேயே நீக்குவதுதான் எங்களுக்குப் பிடித்த வழி. வளைவு திரும்பும் இடத்தில் ஒன்று இருந்தால் போதும்.

அனுப்புவதற்கு முன் நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்ட்ரோக் மட்டும் வைத்து, `View > Display Mode > Outline` கொடுத்து வெறும் கோடுகளாகப் பார்த்தோம். சேவலைச் சுற்றி ஒரே ஒரு மூடிய கோடு தெரிய வேண்டும். இணையாக இரண்டு ஓடினால் எங்கோ ஸ்ட்ரோக்கைப் பாதையாக்கிவிட்டு இணைக்க மறந்திருக்கிறோம்.

கடைசியாக அளவு. இங்க்ஸ்கேப்புக்கு ஓர் அங்குலம் 96 பிக்சல். வெட்டும் மென்பொருள் அதையே 72 என்று படித்தால் 75 மி.மீ. சேவல் 100 மி.மீ. ஆகிவிடும். வெட்டுக்கோட்டின் உயரம் ஓரத்தோடு சேர்த்து 79 மி.மீ. காட்டுகிறதா என்று அங்கே திறந்து பார்த்த பிறகே வினைலை ஏற்றினோம்.