மதிப்பாய்வாளரிடம் ‘இயலாது’ என்று சொன்ன விதம்

ஆய்வுக் கட்டுரையை அனுப்பிய இதழிலிருந்து ‘பெரிய திருத்தங்கள் தேவை’ என்று முடிவு வந்தால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பொருளல்ல. அது எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டாம் மதிப்பாய்வாளரின் குறிப்புகளைப் படித்தபோது, வரிக்கு வரி சுடச்சுடப் பதில்கள் மனத்தில் திரண்டுவிட்டன. எதையும் எழுதாமல் கோப்பை மூடினேன். மறுநாள் திறந்ததும் முதல் வேலையாகக் குறிப்புகளைப் பிரித்து எண்ணிட்டேன்.

மதிப்பாய்வாளர்கள் பத்தி பத்தியாக எழுதுவார்கள். ஒரே பத்தியில் ஒரு பாராட்டு, ஒரு சந்தேகம், இரண்டு கோரிக்கைகள் கலந்து கிடக்கும். பத்தியை முழுதாக வைத்துக்கொண்டு பதில் எழுதினால் நடுவில் இருப்பது ஏதாவது நழுவிவிடும். நழுவியதைத்தான் அவர் முதலில் தேடுவார். எனவே அவர்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் புதிய கோப்பில் ஒட்டி, 1.1, 1.2, 2.1 என்று துண்டுதுண்டாக எண்ணிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் என் பதில், கட்டுரையில் மாற்றிய வாசகம், அது இருக்கும் பக்கமும் வரியும். மாற்றிய வாசகத்தைப் பதிலிலேயே எடுத்துக்கொடுத்துவிட்டால் அவர் கட்டுரைக்கும் கடிதத்துக்கும் இடையே அலைய வேண்டியதில்லை. ‘தகுந்தவாறு திருத்தப்பட்டது’ என்ற பதிலைப் போல மதிப்பாய்வாளரை எரிச்சலூட்டுவது வேறில்லை. நானும் மதிப்பாய்வு செய்கிறேன். அந்த எரிச்சலை அறிவேன்.

எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள், அட்டவணைத் தலைப்பு போன்றவற்றுக்கு ஒரு வரிப் பதில் போதும். ‘மிக அருமையான கருத்து, மிக்க நன்றி’ என்று எல்லாவற்றுக்கும் தொடங்குவது தேவையற்றது. கடிதத்தின் தலையில் ஒருமுறை நன்றி சொல்லிவிட்டு, கட்டுரையை உண்மையிலேயே மேம்படுத்திய குறிப்புக்கு மட்டும் எவ்வகையில் மேம்பட்டது என்று குறிப்பிட்டேன்.

குறிப்பு 2.2 வேறு வகை: ‘பங்கேற்றவர்கள் எவ்வாறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர் என்பது கூறப்படவில்லை.’ கூறப்பட்டிருந்தது, முறையியல் பகுதியின் கடைசிப் பத்தியில். ‘இது ஏற்கெனவே உள்ளது’ என்று எழுத விரல் துடித்தது. ஆனால் கவனமாகப் படிக்கும் ஒருவர் கண்ணில் அது படவில்லை என்றால், அது இருந்த இடம் சரியில்லை. அந்த வாக்கியத்தைப் பகுதியின் முதல் பத்திக்கு நகர்த்தி, ‘இத்தகவல் பகுதியின் இறுதியில் இருந்ததால் எளிதில் தென்படவில்லை; இப்போது பக்கம் 6, வரி 4-7இல் முன்னுக்குக் கொண்டுவந்துள்ளோம்’ என்று எழுதினேன். யார் சரி என்ற வழக்கே எழவில்லை.

உண்மையான சிக்கல் 2.4தான். எங்கள் ஆய்வு வாசிப்புப் பயிற்சி முறைகள் இரண்டை ஒப்பிட்டது. குழுவுக்கு 40 பேர். நூறு மதிப்பெண் தேர்வில் சராசரி வேறுபாடு 4. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.12. மதிப்பாய்வாளர் கேட்டது இது: ‘மாதிரி அளவு சிறியது. கிடைத்த முடிவை வைத்து ஆய்வின் புள்ளியியல் திறனைக் கணக்கிட்டுத் தருக.’

கணக்குப் போடுவது ஒரு நிமிட வேலை; சுமார் 35 சதவீதம் என்று வரும். கூட்டாசிரியர் ஒருவர், கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார். எனக்கு ஒப்பவில்லை. புள்ளியியல் திறன் என்பது, குறிப்பிட்ட அளவு வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆய்வைத் தொடங்கும் முன் கணிப்பது. தரவு வந்தபின், கிடைத்த வேறுபாட்டையே உள்ளே போட்டுக் கணக்கிட்டால் வருவது பி-மதிப்பின் மறுவடிவம்தான். பி-மதிப்பு 0.05 என்றால் இந்த ‘திறன்’ ஏறத்தாழ 50 சதவீதம். பி-மதிப்பு ஏற ஏற இது இறங்கும். ஹோனிக், ஹெய்சி இருவரும் 2001இல் ‘தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டீஷியன்’ இதழில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். புதிதாக எதையும் சொல்லாத ஓர் எண்ணைக் கட்டுரையில் ஏற்றினால், அடுத்து வரும் வாசகர் கேட்கும் கேள்விக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவர் கேட்டதை விட்டுவிட்டு, ஏன் கேட்டார் என்று யோசித்தேன். ‘வேறுபாடு இல்லை’ என்று நீங்கள் முடிவு கட்ட இந்தத் தரவு போதுமா என்பதே அவருடைய கவலை. அது நியாயமான கவலை. அதற்கு விடை, உண்மையான வேறுபாடு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியில் இருக்கிறது. எங்கள் 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய −1 முதல் 9 வரை. வேறுபாடு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், 9 மதிப்பெண் அளவுக்குப் பயனுள்ளதாகவும் இருக்கலாம். பதிலை இப்படி அமைத்தேன்:

‘மாதிரி அளவு குறித்த மதிப்பாய்வாளரின் கவலையை ஏற்கிறோம். கிடைத்த வேறுபாட்டிலிருந்து கணக்கிடும் திறன், பி-மதிப்பு தருவதற்கு மேல் தகவல் தருவதில்லை (ஹோனிக், ஹெய்சி, 2001) என்பதால் அதைச் சேர்க்கவில்லை. அதே கவலைக்கு நேரடியாக விடை தரும் 95 சதவீத நம்பக இடைவெளியைச் சேர்த்துள்ளோம் (பக்கம் 9, வரி 12). “இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை” என்ற வாக்கியத்தை, “பயனுள்ள அளவிலான வேறுபாடு இருக்கும் வாய்ப்பை இத்தரவு விலக்கவில்லை” என்று மாற்றியுள்ளோம் (பக்கம் 13, வரி 3).’

இந்த வரிசை மாறினால் தொனியும் மாறிவிடும். மறுப்பில் தொடங்கியிருந்தால் மற்றதை அவர் கோபத்தோடுதான் படித்திருப்பார். மறுப்புக்கான காரணத்தை ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன். முதல் வரைவில் அது ஒரு பக்கப் பாடமாக இருந்தது. கூட்டாசிரியர் வெட்டச் சொன்னார், சரியாகத்தான் சொன்னார்.

இன்னொன்று: முன்னாய்வு பற்றிய பகுதியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் முதலாமவர், விரிக்கச் சொன்னார் இரண்டாமவர். இருவரையும் சமாதானப்படுத்த முயன்றால் இருவருக்குமே பிடிக்காத ஒன்றுதான் கிடைக்கும். இந்த முரணைப் பதிப்பாசிரியருக்கான முகப்புக் கடிதத்திலேயே எடுத்துச் சொல்லி, பழைய ஆய்வுகளைச் சுருக்கி, இரண்டாமவர் குறிப்பிட்ட கருத்தாக்கத்துக்கு மட்டும் ஒரு பத்தி சேர்த்ததாகவும், பதிப்பாசிரியர் வேறுவிதமாக விரும்பினால் மாற்றத் தயார் என்றும் எழுதினேன். தீர்ப்பு அவருடையது, அவர் முன் அதை வைத்துவிடுவதே முறை.

அனுப்பும்போதுதான் நுணுக்கமான தொல்லைகள். இந்த இதழில் இணையவழிச் சமர்ப்பிப்பு கிடையாது. பதிப்பாசிரியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல்தான். திருத்தங்களைக் காட்டும் பிரதி, சுத்தப் பிரதி, மறுமொழிக் கடிதம் என்று மூன்று இணைப்புகள். திருத்தம் தெரியும் பிரதியில் நீக்கிய வரிகளும் கிடப்பதால் வரி எண்கள் தள்ளிப்போகும். ஆகவே எல்லா எண்களையும் சுத்தப் பிரதியிலிருந்து, கடைசித் திருத்தத்துக்குப் பிறகு எடுத்து, ‘எண்கள் சுத்தப் பிரதிக்குரியவை’ என்று கடிதத்தின் தலையில் குறித்தேன்.

போதாததற்கு, இந்த இதழில் ஆசிரியர், மதிப்பாய்வாளர் என இருபுறமும் பெயர் மறைத்தே மதிப்பாய்வு நடக்கும். Word மென்பொருளின் Track Changes ஒவ்வொரு திருத்தத்தின் ஓரத்திலும் திருத்தியவர் பெயரைக் காட்டும். கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு, ஓரமெல்லாம் பெயரோடு அனுப்புவதில் பொருளில்லை. Document Inspector வழியாக ஆசிரியர் விவரங்களை நீக்கி, கோப்பை மூடித் திறந்து, ஓரத்தில் பெயர் போய்விட்டதா என்று பார்த்தபின்பே இணைத்தேன். மறுமொழிக் கடிதமும் மதிப்பாய்வாளர் கைக்குப் போகும் என்பதால் அதிலும் பெயர் இல்லை. கையொப்பம் மின்னஞ்சலோடு நின்றது. பொருள் வரியில் கட்டுரை எண்ணும் ‘திருத்திய வடிவம்’ என்ற சொற்களும் மட்டும்.

அடுத்த சுற்றில் 2.4 பற்றி இரண்டாமவர் எதுவும் சொல்லவில்லை. நம்பக இடைவெளியைச் சுருக்கத்திலும் சேர்க்கலாமே என்று மட்டும் கேட்டிருந்தார். சேர்த்தோம்: பக்கம் 1, வரி 14.