பச்சை இலை இல்லாத பெட்டி

ஆம்பூரில் செருப்பு தைத்து ஆன்லைனில் விற்கும் சிறிய பட்டறை எங்களுடையது. புதிய பெட்டிக்கு வந்த அச்சு மாதிரியில் ஒரு பச்சை இலையும், 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது, 100% மறுசுழற்சி, மக்கும் பை' என்ற வரியும் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் திரட்டும் வேலை எனக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதைத்தான் கேட்கின்றன: பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே, சொன்னால் எதைப் பற்றி என்று சொல், ஆதாரத்தைக் காட்டு.

உகந்தது எது? பெட்டியா, செருப்பா? உள்ளே இருப்பது குரோமியத்தில் பதனிட்ட தோல். மூடியில் இலையைப் பார்ப்பவர் செருப்பையும் சேர்த்துத்தான் நம்புவார். பாலாற்றங்கரையில் தோல் தொழில் செய்துகொண்டு அந்த இலையைப் போட எனக்கு முகமில்லை. இலையும் போயிற்று, 'உகந்தது' என்ற சொல்லும் போயிற்று.

அடுத்தது அந்த 100%. பெட்டிக்காரரிடம் தாள் விவரத்தை எழுத்தில் கேட்டேன். மூன்றடுக்கு அட்டை: வெளித்தாள் சதுர மீட்டருக்கு 150 கிராம், அச்சு நன்றாக விழுவதற்காகப் புதுக்கூழில் செய்தது. நடுவிலுள்ள நெளிவும் உள்தாளும் தலா 120, இரண்டும் பழைய தாளிலிருந்து வந்தவை. நெளிவு மடிந்து மடிந்து போவதால் சுமார் 1.4 மடங்கு தாள் பிடிக்கும். ஆகவே அது 168. மொத்தம் 438, அதில் மறுசுழற்சி 288, அதாவது சுமார் 66%. பசை, தாள் எடையின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கு இடம்விட்டு 'குறைந்தது 60%' என்று வைத்தேன். ஆலையிலேயே வெட்டி விழுந்து, அங்கேயே மறுபடி கூழாகும் துண்டுகளை இதில் சேர்க்கக்கூடாது. சேர்க்கவில்லை என்றும் எழுதி வாங்கினேன்.

பைதான் இழுத்தடித்தது. விற்பனையாளர் காட்டிய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழில் இருந்தது வேறொரு தயாரிப்பாளரின் பெயர். அந்தப் பை அவர்களிடமிருந்து வந்தது என்பதற்கு பில் இல்லை. சான்று சரியாக இருந்தாலும் பிரச்சினை தீராது. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரச் சோதனையில் பை மக்குவது சுமார் 58 டிகிரி வெப்பத்தில், ஆறு மாதத்துக்குள். நம் வீட்டு எருக்குழிக்கு அந்தச் சூடு ஏது?

"பாய், அந்தப் பையே வேண்டாம்," என்றேன். முதலாளி யோசித்தார்.

"சாதா டிஷ்யூ தாளில் சுற்றிவிடு. எழுத ஒன்றும் வேண்டாமல்லவா?"

கடைசியில் பெட்டியின் அடிப்பக்கம் அச்சானது இதுதான்: 'இந்த அட்டைப்பெட்டியின் எடையில் குறைந்தது 60% மறுசுழற்சித் தாள். இது பெட்டிக்கு மட்டுமே பொருந்தும்.' பக்கத்தில் ஒரு கியூ.ஆர். குறியீடு, அதில் பெட்டிக்காரரின் கடிதமும் கணக்கும். அவர் தாளை மாற்றினால் எண்ணும் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு லாட்டுக்கும் தாள் விவரச் சீட்டு வந்த பிறகே பணம் கொடுக்கிறோம்.