ஏற்காட்டுப் படத்தில் தலைமுடியைப் பிசிறில்லாமல் வெட்டியெடுத்தது: நான்கு சுற்றுக் குறிப்பு

படம் ஏற்காடு பகோடா பாயின்ட் பக்கம் எடுத்தது. இளம்பெண், இடுப்பளவு, தலையில் மல்லிகைச் சரம். இடப்பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், வலப்பக்கம் வெளுத்த பனிமூட்டம். காற்றில் முடி இரண்டு பக்கமும் பறக்கிறது. இதை வெட்டி, கரிஷ்மா ஆல்பத்தில் அடர் மெரூன் பின்னணி மேல் வைக்க வேண்டும். மென்பொருள் போட்டோஷாப்.

முதல் சுற்றில் `Select and Mask` திறந்து, முடி ஓரத்தில் `Refine Edge Brush` ஓட்டியது. பனிமூட்டப் பக்கம் ஓரளவு தேறியது. மரப் பக்கம் இலைத் துண்டுகள் முடியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. நிறமும் பிரகாசமும் திடீரென மாறும் இடத்தை வைத்துத்தான் அந்தப் பிரஷ் ஓரத்தை ஊகிக்கிறது. இலைக்கும் இலை நிழலுக்கும் நடுவிலும் அப்படிப்பட்ட மாற்றம் இருப்பதால் அதற்குக் குழப்பம்.

இரண்டாவது சுற்று சேனல் வழி. கறுப்பு முடி மூன்று சேனலிலும் இருட்டுதான். எந்தச் சேனலில் பின்னணி வெளுக்கிறது என்பதே கேள்வி. பனிமூட்டம் நீலச் சேனலில் நன்றாக வெளுத்தது. ஆனால் அதே சேனலில் பச்சை இலை முடியளவுக்குக் கறுத்துவிட்டது. பச்சைச் சேனலில் இலை எழும்பி வந்தது. ஆக ஒரே சேனலை வைத்துத் தலை முழுவதையும் முடிக்கப் பார்த்தால் ஏதோ ஒரு பக்கம் கெடும். இடப்பக்கத்துக்குப் பச்சையின் நகல், வலப்பக்கத்துக்கு நீலத்தின் நகல் என்று பிரித்துக்கொண்டு, கடைசியில் இரண்டையும் ஒரே மாஸ்க்கில் சேர்த்தது.

பச்சை நகலில் `Info` பேனல் காட்டிய அளவு: முடி 20 முதல் 35, இலை 90 முதல் 130. `Ctrl+L` அழுத்தி, லெவல்ஸில் இடது முனையை 35-லும் வலது முனையை 90-லும் நிறுத்தினால் முடி முழுக் கறுப்பு, இலை முழு வெள்ளை. முடி நுனிகள் நடுவில் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலைத் தொடக்கூடாது. நுனியில் ஒரு பிக்சலில் பாதி முடி, பாதி பின்னணி; சாம்பல் சொல்வது அந்த விகிதத்தைத்தான். சுத்தமாகட்டும் என்று இரண்டு முனைகளையும் நெருக்கினால் முடி கம்பி மாதிரி விறைத்து, 200 சதவீதத்தில் படிக்கட்டாகத் தெரியும்.

பிறகு `Ctrl+I` போட்டுத் தலைகீழாக்கினால் முடி வெள்ளை. எண்ணெய் தேய்த்த முடியின் பளபளப்பும் மல்லிகைச் சரமும் மாஸ்க்கில் ஓட்டையாக விழுந்தன. இரண்டும் எல்லாச் சேனலிலும் வெளுப்பு, வேறு வழியில்லை. உட்பகுதியை வெள்ளைப் பிரஷ்ஷால் நிரப்பி, பூச்சரத்தின் வெளி ஓரத்தை பென் டூலால் வரைந்தது. முகம், தோள், புடவை ஓரமும் பென் டூல்தான், ஃபெதர் 0.5 பிக்சல்.

மாஸ்க் சரியாக இருந்தும் மெரூன் மேல் வைத்ததும் படம் காட்டிக்கொடுத்தது: இடப்பக்க நுனிகளில் பச்சைச் சாயல், வலப்பக்கம் வெள்ளைப் பிசிறு. பலரும் இங்கே மாஸ்க்கை ஒரு பிக்சல் சுருக்குவார்கள். அது தவறான மருந்து. மெல்லிய முடிகள் போய், தலை தொப்பி போட்ட மாதிரி ஆகும். மாஸ்க் சொல்வது எவ்வளவு முடி என்பதை மட்டும். அந்தப் பிக்சலின் நிறத்தில் பழைய பின்னணி இன்னும் கலந்தே இருக்கிறது.

ஆகவே மூன்றாவது சுற்று நிறத்துக்கு. ஆளின் லேயருக்கு மேல் புதிய லேயர், `Ctrl+Alt+G` கொடுத்து க்ளிப்பிங். நுனிக்குச் சற்று உள்ளே, பளபளப்பு இல்லாத இடத்தில் முடி நிறத்தை `Alt` அழுத்தி எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் ஓரம் முழுதும் பூசியது. முதலில் லேயரை `Color` மோடில் வைத்தபோது பச்சை போயிற்று, வெளுப்பு போகவில்லை. அந்த மோடு பிரகாசத்தை மாற்றாது. `Darken` ஆக்கியதும் வெள்ளைப் பிசிறும் அடங்கியது. நெற்றி ஓரத்தில் மட்டும் கவனம், தோல் மேல் பட்டால் அழுக்காகத் தெரியும். பின்னணி வெளிர் நிறமாக இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. பனிமூட்டப் பக்க முடியை `Multiply` மோடில் வைத்தாலே பாதி வேலை முடியும்.

நான்காவது சுற்றுக்கு மிஞ்சியது, கறுத்த மரத்தண்டுக்கு முன்னால் போன முடிக்கற்றை. அங்கே மூன்று சேனலும் ஒரே இருட்டு, எந்த லெவல்ஸும் பிரிக்காது. அந்தக் கற்றையை மாஸ்க்கில் முழுதாக மறைத்துவிட்டு, தனி லேயரில் 2 பிக்சல் பிரஷ்ஷால், பேனா அழுத்தத்துக்கு நுனி மெலியும்படி பத்துப் பன்னிரண்டு முடி வரைந்தது. எல்லாம் ஒரே வளைவில் போனால் விளக்குமாறு மாதிரி இருக்கிறது. இரண்டு மூன்றைக் குறுக்கே விட்டதும் சரியானது.

ஒரு எச்சரிக்கை: இதே படத்தின் வாட்ஸ்அப் பிரதியில் செய்தபோது நீலச் சேனல் கட்டம் கட்டமாக உடைந்து, நுனிகள் பொடிப்பொடியாகின. கேமராவின் ரா கோப்பை, அது இல்லையென்றால் மறுபடி சுருக்காத ஜேபெக்கையாவது கேட்டு வாங்கிய பிறகே சேனல் பக்கம் போகலாம்.