எவ்வளவு கையில வச்சிட்டு முதலீட்டுக்குப் போகணும்? ஒரு தம்பிக்கு நான் சொன்ன பதில்

"அப்ப மூணு வருஷத்துக்கு மேல ஆகுமேண்ணே, அதுவரைக்கும் நான் எதுலயும் போடவே கூடாதா?"

முதலீட்டுக்கு முன்னாடி அவசரத்துக்குன்னு கையில எவ்ளோ சேக்கணும்னு நான் கணக்குப் போட்டுச் சொன்னப்ப, கூட டெலிவரி ஓட்டுற தம்பி கேட்டது இது. நான் "ஆமா, போடாத"ன்னு சொன்னேன். யோசிக்காம சொல்லல, கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். ஆனா அந்த "ஆமா" சரிதானான்னு இன்னும் எனக்குள்ள ஓடிட்டே இருக்கு.

கணக்க சொல்லிடறேன். எல்லாரும் சொல்றது மூணு மாசத்துல இருந்து ஆறு மாசச் செலவு கையில இருக்கணும்னு. அது மாசச் சம்பளக்காரனுக்குப் போட்ட அளவு. அவனுக்கு வேலை இருக்கும் இல்ல போயிடும், நடுவுல ஒண்ணும் கிடையாது. நம்ம கதை வேற. நமக்கு வருமானம் சட்டுன்னு பூஜ்யம் ஆகறது அபூர்வம், ஆனா வருஷத்துல பல மாசம் செலவுக்குக் கீழ இறங்கும். ரெண்டுமே காசு இல்லாத நிலைமைதான், ஆனா ரெண்டும் வேற வேற நோய், ஒரே மருந்த ரெண்டுக்கும் குடுக்க முடியாது.

அதனால தம்பிய மொதல்ல கடந்த 12 மாச வருமானத்த எழுதச் சொன்னேன். ஆப்ல காட்டுற தொகைய அப்படியே எழுதினான். அத அடிச்சிட்டு பெட்ரோல், சர்வீஸ், டயர், டேட்டா ரீசார்ஜ் எல்லாம் போக கையில நின்னத எழுதுன்னேன். கடைசில அவன் மூஞ்சி மாறிடுச்சு, இவ்ளோதானான்னு. இந்த இடத்துலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க, வாராவாரம் ஆப்ல வர்ற பெரிய நம்பர வச்சு மனசுக்குள்ள கணக்குப் போட்டுடறாங்க, டயர் மாத்துற மாசம் வந்தாத்தான் உண்மை தெரியுது.

வாடகை, சாப்பாடு, பில்லு, வீட்டுக்குக் குடுக்கறது, இத எதையும் கொறைக்க முடியாது. இந்தக் கட்டாயச் செலவ மாசம் 100ன்னு வச்சுக்குவோம். அந்த அளவுல அவன் கையில நின்னது 150, 140, 120, 80, 70, 60, 110, 130, 90, 85, 140, 160. கூட்டினா 1335, சராசரி மாசம் 111. நல்ல மாசத்த மட்டும் பாத்தா ராஜா மாதிரி தெரியும், ஆனா வருஷம் முழுக்கப் பாத்தா மாசத்துக்கு 11தான் மிச்சம்.

இப்ப மந்தமான மாசத்துக்கு எவ்ளோ வேணும்? தொடர்ந்து அடி வாங்கின இடத்தப் பாக்கணும். 80, 70, 60 வந்த மூணு மாசத்துல துண்டு விழுந்தது 20, 30, 40, மொத்தம் 90. அதுக்கப்புறம் 10, 30ன்னு ஏறி, மறுபடி 10, 15 இறங்கினாலும் பள்ளம் 90அ தாண்டல. அப்ப சுமாரா ஒரு மாசச் செலவு இருந்தா மந்த காலத்த ஓட்டிடலாம். ஆறு மாசம்லாம் வேணாம். வந்ததெல்லாம் தனி அக்கவுண்டுக்குப் போகணும், அதுல இருந்து மாசம் 100 மட்டும் நமக்கு நாமே சம்பளம் மாதிரி எடுக்கணும், 160 வந்த மாசமும் 100தான். ஒரு வருஷக் கணக்குதானே, அடுத்த வருஷம் இன்னும் மோசமா இருந்தா? இருக்கும், அதனாலதான் 90அ 100ன்னு ரவுண்டு பண்ணினேன். அது போதுமான்னா சத்தியம் பண்ண மாட்டேன்.

இன்னொரு நோய் வேற மாதிரி. கை கால் அடிபடும், வண்டி படுக்கும், இல்லன்னா ஒரு கஸ்டமர் புகார்ல ஐடிய பிளாக் பண்ணிடுவாங்க. அப்ப வருமானம் நிஜமாவே பூஜ்யம், அதே நேரம் செலவு கூடும். இதுக்கு மூணு மாசச் செலவு 300, அதுபோக வண்டிய எழுப்ப ஒரு 60. மந்த காலத்துக்கான 100அயும் சேத்தா 460. மாசம் 11 மிச்சத்துல இத சேக்க 40 மாசத்துக்கு மேல ஆகும். அங்கதான் அவன் அந்தக் கேள்விய கேட்டான்.

நான் ஏன் "ஆமா"ன்னேன்? தொழில் மந்தமாகற நேரமும் மார்க்கெட் விழற நேரமும் பல தடவ ஒண்ணா வரும். மத்த எடத்துல வேலை போனவங்களும் அப்பதான் நம்ம லைனுக்கு வருவாங்க, ஆர்டர் அதே அளவுதான் இருக்கும், பங்கு பிரிஞ்சிடும். சம்பளக்காரன் மார்க்கெட் விழுந்தா பொறுத்திருப்பான், நாம அப்பதான் விக்க வேண்டியிருக்கும். வித்தாலும் காசு கைக்கு வர சில வேலை நாள் ஆகும், வண்டி ரோட்டுல நிக்கறப்ப அது உதவாது. இதெல்லாம் இப்பவும் நான் நம்பறேன்.

தம்பி என் பேச்ச கேக்கல. கையில 160 சேந்ததும் வர்ற மிச்சத்துல பாதி ரொக்கமா வச்சான், பாதி மியூச்சுவல் ஃபண்டுல போட்டான். ஏழெட்டு மாசத்துல ரொக்கம் 200, ஃபண்டுல போட்டது 40. அப்புறம் இன்ஜின் போச்சு. ரிப்பேர் 60, மூணு வாரம் ஓட்ட முடியாம வீட்டுச் செலவு 75, ஆக 135. ரொக்கத்துலயே சமாளிச்சான், எனக்கு கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனா மிச்சம் 65. அத மறுபடி ரொப்பறதுக்குள்ள மந்த மாசங்க வந்துடுச்சு, வேண்டியது 90. அதே நேரம் ஃபண்டு 40ல இருந்து 32க்கு இறங்கி நின்னுச்சு. அதுல 25 எடுத்தான். போட்டதுக்கு 6 நஷ்டம்.

"பாத்தியா"ன்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல, ஏன்னா கணக்கப் பாத்தா ரெண்டு அடியும் சேந்து 225தான். என் 460ல பாதி கூட இல்ல. நான் சொன்னபடி 460க்கு காத்திருந்தா அந்த 6 நஷ்டம் ஆயிருக்காது, அது உண்மை. ஆனா அவன் நஷ்டம் 6தான், கடன் வாங்கல, அதுவும் உண்மை. மூணு மாசம் ஐடி பிளாக் ஆகியிருந்தா கதையே வேற. ஆகல. ஆகாததால அவன் சரின்னு சொல்லலாமா?

எனக்கு ஒண்ணு மட்டும் புடிபட்டுச்சு. நான் ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியா அளவு போட்டு கூட்டினேன். ஆனா முக்கியமா பாக்க வேண்டியது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எவ்ளோ வேகமா ரொப்ப முடியும்ங்கறது. மாசம் 11 மிச்சம் பிடிக்கறவனுக்கு 135 ஓட்டைய அடைக்க ஒரு வருஷம் ஆகும், அந்த வருஷத்துல மந்த காலம் கண்டிப்பா ஒரு தடவயாவது வரும். மாசம் 40 மிச்சம் பிடிக்கறவனுக்கு அதே ஓட்டை நாலு மாசத்துல அடையும், அவனுக்கு 250 தாராளம். மிச்சம் கம்மியா இருக்கறவனுக்குத்தான் கையிருப்பு கூட வேணும், அவனாலதான் சேக்கவும் முடியாது. இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

இப்ப யாராவது கேட்டா 250 வரைக்கும் மொத்தமும் ரொக்கம், அதுக்கப்புறம் பாதிப் பாதின்னு சொல்றேன். அந்த 250ல பாதி உடனே எடுக்கற சேமிப்புக் கணக்குல, மீதி எப்ப வேணாலும் உடைக்கற டெபாசிட்ல. வட்டி அதிகமா கட்டுற கடன் இருந்தா மொதல்ல அதத்தான் அடைக்கணும், அந்த வட்டிய மிஞ்சுற வருமானத்த எந்த ஃபண்டும் உறுதியா தராது, அது அடையற வரைக்கும் கையில ஒரு மாசச் செலவு இருந்தா போதும். வீட்டுல வேற யாரும் சம்பாதிக்கலன்னா மட்டும் எனக்கு இன்னும் பழைய 460தான் வாயில வருது. போன வாரம் அப்படித்தான் ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சேன், அவரு குழந்தைங்க ரெண்டு பேர வச்சிருக்கவரு. அவரும் அதே கேள்வியத்தான் கேட்டாரு, நானும் அதே "ஆமா"வத்தான் சொன்னேன்.