மூணு தடவை நார்மல்தான், ஆனா அப்பாவுக்கு இல்ல

எங்க அம்மாவுக்கு ரெண்டு நாளைக்கு ஒருதடவைதான் மோஷன், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், முக்கறதும் இல்ல வலியும் இல்ல. அப்பா காலையில காபி குடிச்ச கையோட ஒருதடவை, அவ்ளோதான் அவர் கணக்கு. போன வருஷம் அவருக்கு அது நாளைக்கு மூணு நாலுன்னு ஆயிடுச்சு. அவசரமா ஓடுவார், போனா கொஞ்சூண்டு, சில சமயம் சளி மாதிரி, வந்து உக்காந்தா மறுபடியும் போகணும்போல இருக்கும், முழுசா போன திருப்தியே இல்லம்பார். சொந்தக்காரங்க எல்லாம் உடம்பு சூடுன்னாங்க, வெந்தயம் மோர்னு ரெண்டு மாசம் ஓடிடுச்சு.

டாக்டர் சொன்னது இதுதான்: நாளைக்கு மூணு தடவைலேர்ந்து வாரத்துக்கு மூணு தடவை வரைக்கும் எல்லாமே நார்மல், எண்ணிக்கைய வச்சு பயப்பட வேணாம், உங்க பழக்கம் என்ன, அது எப்போ மாறுச்சு, அத சொல்லுங்க. அப்ப அம்மா கேஸ் ஓகே, அப்பாவோடதுதான் பிரச்சனை. ரத்தம் போச்சா, எடை குறைஞ்சுதா, ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்புதா, குடும்பத்துல யாருக்காச்சும் குடல் கேன்சர் இருந்துச்சா, புதுசா மாத்திரை எதாவதான்னு கேட்டார். அப்பா சுகருக்கு மெட்ஃபார்மின் போடறார், அது வயித்த கலக்கும்தான், ஆனா வருஷக்கணக்கா அதே டோஸ், அதனால அது மேல பழி போட முடியல. விரல் விட்டு பாத்தார், அதுல ஒண்ணும் தட்டுப்படல. பிளட் டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 10.4. இந்த வயசு ஆம்பளைக்கு ரத்தம் குறைஞ்சா எங்கயோ கசியுதான்னு தேடணும்னு சொல்லி நேரா கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமரா குழாய விட்டு பெருங்குடல பாக்கற டெஸ்ட்டுக்கு எழுதிட்டார்.

டெஸ்ட்ட விட அதுக்கு முந்தின நாள்தான் கஷ்டம். கீரை, பழம், விதை எதுவும் கூடாது, வெள்ளை சாதம் தயிர்னு லைட்டா, அப்புறம் வெறும் தண்ணி ஆகாரம். குடல சுத்தம் பண்ற பேதி பவுடர ரெண்டு லிட்டர் தண்ணில கரைச்சு பாதி சாயங்காலம், பாதி விடிகாலை, கால்மணிக்கு ஒரு டம்ளரா குடிக்கணும். உப்புக்கரிப்புதான், ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுனு குடிச்சா கொஞ்சம் தேவல. கடைசில கலங்கல் இல்லாம மஞ்சத்தண்ணியா போகணும், பழுப்பா இருந்தா உள்ள சரியா தெரியாதாம், திரும்ப முதல்லேர்ந்து வேற பண்ண வேண்டி வரலாம். சாப்பிடாம இருக்கறதால சுகர் மாத்திரைய என்ன பண்றதுன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

மயக்கத்துல அவருக்கு ஒண்ணும் தெரியல. மலக்குடல் மேல்பக்கம் பெரிய பாலிப், குடல் சுவர்ல வளர்ற சதை மாதிரி, கம்பி வளையம் போட்டு அங்கயே எடுத்துட்டாங்க. பயாப்ஸில கேன்சர் இல்ல, ஆனா விட்டிருந்தா வருஷங்கள்ல அப்படி மாறக்கூடிய வகை. மூணு வருஷத்துல திரும்ப ஸ்கோப். சளியும் அவசரமும் நின்னு போச்சு.

பழக்கம் மாறி மூணு வாரத்துக்கு மேல அப்படியே நின்னா காட்டணும், ரத்தம், எடை குறையறது, ரத்தசோகை சேந்தா அதுவரைக்கும்கூட காத்திருக்க வேணாம்னார் டாக்டர். இப்ப அப்பா இரும்புச்சத்து மாத்திரை போடறார், அதனால கருப்பா போகுது, அது சகஜம். தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, நாத்தத்தோட போனா மட்டும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.