முற்று எங்கே?

மாணவர் எழுதியது: "அண்ணன் கதவைத் திறந்தான் பூனை ஓடியது நான் துரத்தினேன். கால் வழுக்கியதால்."

முதலில் முற்றுவினைகளை அடிக்கோடிடச் சொல்வேன். முதல் வாக்கியத்தில் திறந்தான், ஓடியது, துரத்தினேன் என்று மூன்று. அப்படியென்றால் முற்றுப்புள்ளி வைத்துப் பிரிக்கலாம், அல்லது ஒன்றை எச்சமாக்கலாம். இங்கேதான் பலர் "திறந்து பூனை ஓடியது" என்று எழுதிவிடுவார்கள். திறந்தது அண்ணன், ஓடியது பூனை. எழுவாய் மாறுவதால் "திறந்ததும்" என்பது போல வர வேண்டும்.

அடுத்ததில் முற்றே இல்லை. வழுக்கியதால் என்ன ஆச்சு? "கால் வழுக்கியதால் விழுந்தேன்." சரி, முடிந்தது.

ஆனால் "அவன் என் தம்பி" என்பதில் வினையே இல்லை, அதைத் திருத்தாதீர்கள். பெயரே பயனிலையாக நிற்கிறது. "வருகிறேன் என்று சொன்னான்" போல "என்று" சேர்ந்தால் இரண்டு முற்று இருந்தாலும் ஒரே வாக்கியம்தான்.